மணி வடிவம் மாறாத மர்மம்

ஒரே ஒரு முறை கை தட்டுகிறோம். அந்த ஒலியின் சுருதி என்ன? இசை ஞானம் மிக்கவராலும் இதற்கு விடை கூற இயலாது. இசைக்கவை ஒன்றைத் தட்டினாலோ அதன் சுருதியை உடனே சொல்லிவிடலாம். ஆனால் இசைக்கவை எந்தக் கணத்தில் ஒலித்தது என்று கேட்டால் விடை இல்லை. அது நீண்ட நேரம் ஒலித்துக்கொண்டே இருந்தது. கைதட்டலுக்குக் கணம் உண்டு, சுருதி இல்லை. இசைக்கவைக்குச் சுருதி உண்டு, கணம் இல்லை. இரண்டும் ஒருங்கே அமைந்த ஒலி ஏன் இல்லை? இந்தச் சிறு வினா நம்மை அணுவின் உள்ளே வரை அழைத்துச் செல்கிறது. துணைக்கு ஒரு வளைகோட்டையும் பாஸ்கல் முக்கோணத்தையும் எடுத்துக்கொள்வோம், வாருங்கள்.

அலைகளின் கலவை

பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியர் 1822-இல் வெப்பம் பரவுவதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எந்த வடிவத்தையும் வெவ்வேறு அதிர்வெண்கள் கொண்ட எளிய அலைகளைத் தக்க பங்குகளில் கலந்து உண்டாக்கலாம் என்பது அதன் அடிப்படைக் கருத்து. குழம்புக்குப் புளி இவ்வளவு, மிளகாய் இவ்வளவு என்று குறிப்பு எழுதுவது போல, ஓர் ஒலிக்கும் இந்த அதிர்வெண் இத்தனை பங்கு, அந்த அதிர்வெண் அத்தனை பங்கு என்று குறிப்பு எழுதலாம். ஒலியைக் கொடுத்து அதன் குறிப்பைப் பெறும் கணக்குக்கே ஃபூரியர் உருமாற்றம் என்று பெயர்.

ஆகவே ஒவ்வோர் ஒலிக்கும் இரண்டு படங்கள் உண்டு. ஒன்று, நேரம் செல்லச் செல்ல ஒலி எவ்வாறு ஏறி இறங்குகிறது என்று காட்டும் நேரப் படம். மற்றொன்று, எந்த அலை எத்தனை பங்கு என்று காட்டும் அதிர்வெண் படம். பொதுவாக இவ்விரு படங்களும் ஒன்றுக்கொன்று முகச்சாயலே இல்லாதவை. ஆனால் காஸ் வளைகோடு எனப்படும் மணி வடிவ வளைகோடு இதற்கு விலக்கு. நடுவில் உயர்ந்து, இருபுறமும் வழுக்கிச் சரிந்து, ஓரங்களில் மெலிந்து மறையும் வளைகோடு அது. நேரப் படம் மணியானால் அதிர்வெண் படமும் மணியே. அகலம் மாறலாம், வடிவம் மாறாது.

ஒரு சிறு கணக்கு

இதை நாமே செய்து பார்க்கலாம். பாஸ்கல் முக்கோணத்தில் 1, 4, 6, 4, 1 என்னும் வரிசையை எடுத்துக்கொள்வோம். இதுவே ஒரு குட்டி மணி வடிவம். இந்த ஐந்து எண்களையும் முறையே 4, 2, 0, −2, −4 என்னும் அதிர்வெண்களுக்குப் பங்குகளாகக் கொடுப்போம். கொசைன் அலையில் 4-க்கும் −4-க்கும் வேறுபாடு இல்லை. ஆதலால் அவ்விரண்டையும் சேர்த்து 2 cos 4θ என்று எழுதலாம். அவ்வாறே 2-ஐயும் −2-ஐயும் சேர்த்தால் 8 cos 2θ. நடுவில் உள்ள அதிர்வெண் 0 என்பது அசையாத அலை. அது வெறும் 6. இங்கு θ நேரத்தைக் குறிக்கிறது என்று கொள்வோம். நம் கலவை இதுதான்:

2 cos 4θ + 8 cos 2θ + 6

θ = 0° எனில் எல்லாக் கொசைன்களும் 1; கூட்டினால் 16. θ = 30° எனில் cos 120° = −1/2, cos 60° = 1/2; எனவே −1 + 4 + 6 = 9. θ = 45° எனில் cos 180° = −1, cos 90° = 0; எனவே −2 + 0 + 6 = 4. θ = 60° எனில் −1 − 4 + 6 = 1. θ = 90° எனில் 2 − 8 + 6 = 0. வரிசையாகப் பாருங்கள்: 16, 9, 4, 1, 0. நடுவிலிருந்து ஒழுங்காகச் சரிந்து சுழிக்கு வந்துவிட்டது. எதிர்ப்பக்கமும் இவ்வாறே. மணி வடிவப் பங்குகள் மணி வடிவத்தையே தந்துவிட்டன.

இனி, ஐந்து அலைகளுக்கும் பாரபட்சமின்றி ஒரே அளவு பங்கு கொடுத்துப் பார்ப்போம்: 2 cos 4θ + 2 cos 2θ + 1. அதே கோணங்களில் மதிப்புகள் 5, 1, −1, −1, 1 என்று வருகின்றன. இது சுழிக்குக் கீழே இறங்கி, மறுபடியும் மேலே எழுகிறது. சமமாகப் பங்கிட்டால் அமைதி கிடைக்கவில்லை. நடு உச்சியின் இரு பக்கமும் சிற்றலைகள் எழுந்துவிட்டன. ஒரு பட்டியல் திடீரென்று தொடங்கித் திடீரென்று முடிந்தால் மறு படத்தில் இவ்வாறு சிற்றலைகள் எழுவது வழக்கம். ஓரங்களை மெல்லத் தேய்த்தால் அவை அடங்கும்.

ஏன் இவ்வாறு?

16, 9, 4, 1, 0 என்னும் எண்களுக்குப் பின்னால் ஓர் அழகான உண்மை இருக்கிறது. நம் கலவை 16 cos⁴θ-வுக்குச் சமம். காரணம் எளிது. ஓர் அலையை 2 cos θ-வால் பெருக்கினால், அது அதிர்வெண் ஒன்று கூடிய அலையாகவும் ஒன்று குறைந்த அலையாகவும் இரண்டாகப் பிரியும். பாஸ்கல் முக்கோணத்தில் ஒவ்வோர் எண்ணும் தன்னை வலப்புறமும் இடப்புறமும் கொடுத்துத்தானே அடுத்த வரிசையை உண்டாக்குகிறது! ஆகவே முக்கோணத்தில் ஒரு படி கீழே இறங்குவதும் 2 cos θ-வால் ஒரு முறை பெருக்குவதும் ஒரே செயல். நான்கு படி இறங்கினால் cos⁴θ. நூறு படி இறங்கினால் cos¹⁰⁰θ.

அந்த நூறாம் வரிசையைப் பார்ப்போம். அதன் எண்கள் மிகப் பெரியவை. ஆனால் நமக்கு வேண்டியது, நடு எண்ணிலிருந்து வெளியே ஒவ்வோர் அடி வைக்கும்போதும் எத்தனை பங்கு குறைகிறது என்பது மட்டுமே. முதல் அடியில் 51-இல் 1 பங்கு குறைகிறது. அடுத்த அடியில் 52-இல் 3 பங்கு. பின்னர் 53-இல் 5 பங்கு. பின்னர் 54-இல் 7 பங்கு. கீழே உள்ள எண்கள் ஏறத்தாழ மாறவில்லை. மேலே உள்ளவை 1, 3, 5, 7 என்று ஏறுகின்றன.

மறு படமாகிய cos¹⁰⁰θ-வை எடுத்து, ஒவ்வொரு பாகையாக நடந்து பார்ப்போம். கணிப்பான் தரும் விடை: முதல் பாகையில் நூற்றுக்கு 1.5 குறைகிறது, அடுத்து 4.5, அடுத்து 7.3, அடுத்து 10.1. இவற்றை 1.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1, 3, 5, 7! ஒரு பக்கம் முழு எண்களின் முக்கோணம். மறு பக்கம் கொசைன் அட்டவணை. இரண்டும் ஒரே விதத்தில் சரிகின்றன.

இந்தச் சரிவு விதியைச் சொற்களில் கூறுவதானால், நடுவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறோமோ அந்த அளவுக்கு வீழ்ச்சியின் விகிதமும் பெரிதாகிறது. நடுவில் நின்றால் வீழ்ச்சி இல்லை. இரு மடங்கு விலகினால் இரு மடங்கு விகிதத்தில் வீழ்ச்சி. இந்த விதிக்கு முற்றும் கட்டுப்படும் வளைகோடு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதுவே காஸ் வளைகோடு. பாஸ்கல் வரிசைகள் கீழே செல்லச் செல்ல இவ்வளைகோட்டை நெருங்குகின்றன என்பதை டி மாய்வர் 1733-இலேயே கண்டார். வானியல் அளவீடுகளில் நேரும் பிழைகளை ஆராய்ந்த காஸ் 1809-இல் இதைப் பயன்படுத்தினார். பெயர் அவருடையதாக நிலைத்துவிட்டது.

இப்போது மர்மத்தின் திறவுகோலுக்கு வருவோம். சரிவு விதியில் இரண்டு செயல்கள் உள்ளன. ஒன்று, வளைகோட்டின் சரிவைக் காண்பது. மற்றொன்று, வளைகோட்டின் உயரத்தை நடுவிலிருந்து உள்ள தொலைவால் பெருக்குவது. இவ்விரண்டும் சமம், குறி மட்டும் எதிர் என்பதே விதி. அதிர்வெண் 5 உள்ள அலை, அதிர்வெண் 1 உள்ள அலையைவிட ஐந்து மடங்கு செங்குத்தாக ஏறி இறங்கும் அல்லவா? ஆகையால் நேரப் படத்தில் சரிவைக் காண்பது, அதிர்வெண் படத்தில் ஒவ்வொரு பங்கையும் அதன் அதிர்வெண்ணால் பெருக்குவதாக மாறுகிறது. மறு திசையிலும் இதுவே நிகழ்கிறது. நேரப் படத்தில் தொலைவால் பெருக்குவது, அதிர்வெண் படத்தில் சரிவைக் காண்பதாக மாறுகிறது. ஃபூரியர் உருமாற்றம் இவ்விரு செயல்களையும் இடம் மாற்றி வைக்கிறது. தராசின் இரு தட்டுகளிலும் சம எடை இருக்கும்போது தட்டுகளை இடம் மாற்றினால் என்ன ஆகும்? தராசு அப்படியே நிற்கும். மணி வளைகோட்டின் விதியும் அவ்வாறே மாறாமல் நிற்கிறது. விதி மாறாததால் வடிவமும் மாறவில்லை.

தன் வடிவத்தைக் காத்துக்கொள்ளும் வளைகோடுகள் வேறு சிலவும் உண்டு. ஆயினும் மணி வளைகோட்டுக்கு மட்டுமே உரிய ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. அதைக் காண அகலத்தை அளக்க வேண்டும்.

ஒன்று சுருங்கினால் மற்றொன்று விரியும்

முக்கோணத்தின் 4-ஆம், 16-ஆம், 64-ஆம் வரிசைகளை ஒப்பிடுவோம். அதிர்வெண் பங்குகளின் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டால் முறையே 2, 4, 8 என வருகிறது. அதே வேளையில் நேரப் படத்தில், உயரம் உச்சியில் பாதியாகக் குறையும் கோணம் ஏறத்தாழ 33°, 17°, 8° என்று சுருங்குகிறது. அதிர்வெண் பக்கம் இரு மடங்கு விரியும்போதெல்லாம் நேரப் பக்கம் பாதியாகிறது. நேரப் பக்கத்தின் திட்ட விலக்கத்தை ரேடியன் அளவில் கொண்டால் ஏறத்தாழ 1/2, 1/4, 1/8. இரு அகலங்களையும் பெருக்கினால் எப்போதும் ஏறத்தாழ 1. வரிசை பெரிதாகப் பெரிதாக இது 1-ஐ மேலும் நெருங்குகிறது.

கைதட்டலுக்கு ஏன் சுருதி இல்லை என்பது இப்போது விளங்குகிறது. ஒலி ஒரு கணத்துக்குள் அடங்க வேண்டுமானால், அக்கணத்தில் சேர்ந்து ஒலித்து மற்ற நேரங்களில் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளப் பலவகை அலைகள் தேவை. பலவகை அலைகள் கூடிவிட்டால் ஒரு சுருதி எவ்வாறு இருக்கும்? அலைகள் குறைவாக இருந்தால் சுருதி தெளியும், ஆனால் அவற்றால் ஒன்றை ஒன்று விரைவில் அழிக்க முடியாது, ஒலி நீண்டுவிடும்.

அணுவுக்குள் அதே கணக்கு

எலக்ட்ரான் போன்ற துகள்களும் அலைத் தன்மை உடையவை என்று டி பிராய் 1924-இல் கூறினார். அவர் கருத்துப்படி, அலை எவ்வளவு நெருக்கமாக மடிந்துள்ளதோ அவ்வளவு பெரிது துகளின் உந்தம். நெருக்கம் இரு மடங்கானால் உந்தமும் இரு மடங்கு. இப்போது நம் படங்களின் பெயர்களை மட்டும் மாற்றுவோம். நேரப் படத்துக்குப் பதிலாக, துகள் எங்கே உள்ளது என்னும் இடப் படம். அதிர்வெண் படத்துக்குப் பதிலாக உந்தப் படம். கணக்கு அதே ஃபூரியர் கணக்குதான். எனவே இடம் சுருங்கினால் உந்தம் விரிய வேண்டும்.

ஒரு சிறு திருத்தம் மட்டும் தேவை. துகள் ஓரிடத்தில் தென்படும் நிகழ்தகவு அலையின் உயரம் அன்று, உயரத்தின் வர்க்கம். மணியை வர்க்கப்படுத்தினால் மணியே கிடைக்கும். ஆனால் அதன் அகலம் √2-ஆல் வகுபடும். இரு படங்களிலும் இவ்வாறு வகுபடுவதால், முன்பு 1 ஆக இருந்த பெருக்கற்பலன் 1/2 ஆகிவிடுகிறது. அலையின் நெருக்கத்தை உந்தமாக மாற்றப் பிளாங்க் மாறிலியை 2π-ஆல் வகுத்த எண்ணைப் பெருக்க வேண்டும். அதன் குறியீடு ħ; மதிப்பு ஏறத்தாழ 1.05 × 10⁻³⁴ ஜூல் விநாடி. ஆக, இடத்தின் திட்ட விலக்கத்தையும் உந்தத்தின் திட்ட விலக்கத்தையும் பெருக்கினால் ħ/2-க்குக் குறையாது. நூல்களில் காணும் ħ/2 என்பதில் உள்ள பாதி எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுகொண்டோம் அன்றோ! வேறு எந்த வடிவ அலையை எடுத்தாலும் பெருக்கற்பலன் ħ/2-ஐ விட மிகுதியாகவே இருக்கும். எல்லைக் கோட்டைத் தொடுவது மணி வளைகோடு ஒன்றே. இதுதான் அதன் தனிச் சிறப்பு.

எண்களால் பார்ப்போம். ஓர் எலக்ட்ரானை அணுவின் அளவாகிய 10⁻¹⁰ மீட்டருக்குள் மணி வடிவத்தில் அடக்கினால், அதன் வேகத்தின் நிச்சயமின்மை விநாடிக்கு ஏறத்தாழ 580 கிலோமீட்டர்! கோள் சூரியனைச் சுற்றுவது போல எலக்ட்ரானுக்கு ஒரு கோடு போட்டுப் பாதை வரைய இயலாது என்பது இதனால் புலனாகும். அதே கணக்கை ஒரு கிராம் எடையுள்ள கூழாங்கல்லுக்குச் செய்து, அதன் இடத்தை ஒரு மீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வரை அறிந்ததாகக் கொள்வோம். வேகத்தின் நிச்சயமின்மை விநாடிக்கு 5 × 10⁻²⁶ மீட்டர் மட்டுமே. கூழாங்கல்லை எறியும் சிறுமி இதைப் பற்றிக் கவலை கொள்ளத் தேவையில்லை.

குற்றம் கருவியுடையதா?

நிச்சயமின்மைக் கொள்கையை ஹைசன்பர்க் 1927-இல் வெளியிட்டபோது ஒரு கற்பனை நுண்ணோக்கியைக் கொண்டு விளக்கினார். எலக்ட்ரானைப் பார்க்க அதன் மீது ஒளி படவேண்டும். பட்ட ஒளி எலக்ட்ரானைத் தள்ளிவிடும். எனவே இடம் தெரியும்போது உந்தம் கலைந்துவிடும் என்பது அவ்விளக்கம். இதைப் படிப்பவர்களுக்கு, எலக்ட்ரானிடம் சரியான இடமும் சரியான உந்தமும் மறைந்து கிடக்கின்றன, நம் முரட்டுக் கருவிதான் அவற்றைக் கெடுக்கிறது என்று தோன்றும். ஆனால் நாம் மேலே செய்த கணக்கில் நுண்ணோக்கி எங்கே வந்தது? ஒளி எங்கே பட்டது? முக்கோணமும் கொசைனும் தவிர வேறொன்றும் இல்லை. ħ/2 என்னும் எல்லையை அதே 1927-இல் கென்னார்டு நிறுவியதும் அலைகளின் கணக்கைக் கொண்டே. கைதட்டலின் சுருதி நம் செவிக்கு எட்டாமல் ஒளிந்திருக்கவில்லை. கைதட்டலுக்கு ஒரே சுருதி என்பதே இல்லை. அவ்வாறே ஓரிடத்தில் நெருங்கி அடங்கிய எலக்ட்ரான் அலைக்கு ஒரே உந்தம் என்பதும் இல்லை. எவ்வளவு நுட்பமான கருவி செய்தாலும் இல்லாத ஒன்றை அது காட்டாது.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, நம் பாஸ்கல் கணக்கில் 180° சென்றால் மீண்டும் ஓர் உச்சி எழும். முழு எண் அதிர்வெண்களை மட்டும் இடைவெளி விட்டு எடுத்ததால் வந்த விளைவு அது. இடைவெளியின்றி எல்லா அதிர்வெண்களையும் எடுக்கும் உண்மையான காஸ் வளைகோட்டில் அந்த மறு உச்சி இராது. இரண்டாவது, மணி வடிவம் இருந்தாலே எல்லையைத் தொட்டுவிட்டதாகக் கொள்ளக் கூடாது. நாம் 10⁻¹⁰ மீட்டருக்குள் அடக்கிய எலக்ட்ரானை விடுவித்துவிட்டால், அது மணி வடிவத்திலேயே பரவத் தொடங்கும். 10⁻¹⁵ விநாடி கழிவதற்குள் இடத்தின் அகலம் ஏறக்குறைய ஆறு மடங்காகிவிடும். உந்தத்தின் அகலமோ மாறாது. ஆகவே பெருக்கற்பலனும் ஆறு மடங்காகிவிடும். வெளியே மணி போலத் தோன்றினாலும், உள்ளே அலைகள் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் தளர்வாகவும் மடிந்துவிடுவதே காரணம். விரைந்த பகுதி முன்னே சென்றுவிட்டது; மெதுவான பகுதி பின்தங்கிவிட்டது. உயரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. மடிப்புகளையும் பார்ப்பவருக்கே தெரியும்.

1, 4, 6, 4, 1 என்னும் ஐந்து எண்களுடன் புறப்பட்டோம். ஐயம் திரிபற அறிவதே அறிவு என்று எண்ணுபவர்களுக்கு நிச்சயமின்மை என்னும் சொல் ஒரு குறையாகத் தோன்றலாம். ஆனால் ħ/2 என்பது எவ்வளவு நிச்சயமான எண்! தோழியரே, ஒரு தாளை எடுத்து ஆறாம் வரிசையாகிய 1, 6, 15, 20, 15, 6, 1 என்பதை நீங்களே கூட்டிப் பாருங்கள். θ = 0°-இல் 64 வரும்; 60°-இல் 1 வரும்; 90°-இல் ஒன்றும் மிஞ்சாது.